மும்பை சொசைட்டியின் துணைவிதிகள்: புதிதாகக் குடிவருபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மும்பையில் ஃபிளாட் வாங்கியவர் அந்தக் கட்டடத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும். பேச்சு வழக்கில் அது 'சொசைட்டி'. செம்பூரானாலும் முலுண்டானாலும் டோம்பிவிலியானாலும் பெரும்பாலான கட்டடங்களை நடத்துவது இப்படியொரு சங்கம்தான். உறுப்பினராகும்போது 50 ரூபாய் மதிப்புள்ள 10 பங்குகள் வாங்கப்பட்டு, பங்குச் சான்றிதழ் ஒன்று கைக்கு வரும். அதோடு சேர்த்து வாங்கிப் படிக்க வேண்டியதும் பலர் கண்ணால்கூடப் பார்க்காததும் ஒன்று உண்டு. அது சொசைட்டியின் துணைவிதிப் புத்தகம்.

இந்தச் சங்கங்கள் 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவானவை. வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று 2019இல் அச்சட்டத்தில் தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு சங்கமும் தனக்குத் தோன்றிய விதிகளை எழுதிக்கொள்ளாமல் இருக்க, மாநிலக் கூட்டுறவுத் துறை மாதிரித் துணைவிதிகளை வெளியிட்டிருக்கிறது. 2014இல் வந்த மாதிரியைத்தான் பெரும்பாலான சொசைட்டிகள் பொதுக்குழுவில் ஏற்று, கூட்டுறவுப் பதிவாளரிடம் பதிந்து வைத்திருக்கின்றன. சென்னையிலிருந்து போகிறவருக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். தமிழ்நாட்டில் குடியிருப்போர் சங்கங்கள் பல 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. தங்கள் விதிகளைத் தாங்களே வகுத்துக்கொண்டவை. மும்பையிலோ எதற்கு எவ்வளவு வாங்கலாம், அதை யார் முடிவு செய்யலாம் என்பதற்கெல்லாம் சூத்திரமும் உச்சவரம்பும் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

விதிகளைப் படிக்கும்முன் இரண்டு அமைப்புகளின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்தது பொதுக்குழு. அதன் ஆண்டுக் கூட்டம் செப்டம்பர் 30க்குள் நடந்தாக வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டு அன்றாட வேலைகளைப் பார்ப்பது நிர்வாகக் கமிட்டி. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் இதில் வருவார்கள். கட்டண விகிதம், அபராதம், வாகன நிறுத்தக் கொள்கை போன்றவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் பொதுக்குழுவுக்கே உண்டு. கமிட்டி அதை நிறைவேற்றும். கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தாள்களில் பாதி, கமிட்டி தானாகவே போட்ட உத்தரவுகளாக இருக்கும். அவற்றுக்குப் பின்னால் பொதுக்குழுத் தீர்மானம் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மாதா மாதம் வரும் பில்

'மெயின்டெனன்ஸ்' என்று ஒரே சொல்லில் சொல்லப்படும் தொகை உண்மையில் பல தலைப்புகளின் கூட்டல். ஒவ்வொரு தலைப்பும் வெவ்வேறு அடிப்படையில் பிரிக்கப்படுகிறது. சண்டைகள் பெரும்பாலும் இதைக் கவனிக்காததால் வருபவை.

சேவைக் கட்டணம் என்பதில் காவலாளி, துப்புரவுப் பணியாளர், அலுவலக ஊழியர் சம்பளம், படிக்கட்டு விளக்கு முதலான பொது மின்சாரம், தணிக்கைக் கட்டணம், அச்சுச் செலவு, வக்கீல் செலவு எல்லாம் அடங்கும். இது வீடுகளின் எண்ணிக்கையால் சமமாக வகுக்கப்படும். மூன்று படுக்கையறை வீட்டுக்காரரும் ஒரு படுக்கையறை வீட்டுக்காரரும் இதில் ஒரே தொகைதான் தர வேண்டும். சின்ன வீட்டுக்காரருக்கு இது அநியாயமாகப் படலாம். காவலாளி சதுர அடி பார்த்துக் காவல் காப்பதில்லை என்பது விதியின் தர்க்கம். வீனஸ் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றமும் பரப்பளவை வைத்துச் சேவைக் கட்டணம் வாங்குவதை ஏற்கவில்லை. லிஃப்ட் செலவும் இப்படித்தான். லிஃப்ட் உள்ள கட்டடத்தின் எல்லா உறுப்பினர்களும் சமமாகத் தர வேண்டும். தரைத்தள வீட்டுக்காரர் அதில் கால் வைத்ததே இல்லை என்றாலும் விலக்கு இல்லை.

குடிநீர்க் கட்டணம், வீட்டில் எத்தனை தண்ணீர் இணைப்புகள், என்ன அளவில் இருக்கின்றன என்பதை வைத்துப் பிரிக்கப்படும். சொத்து வரி மாநகராட்சி நிர்ணயித்தபடி. பராமரிப்பு நிதிக்கும் 'சிங்கிங் ஃபண்ட்' எனப்படும் புனரமைப்பு நிதிக்கும் அடிப்படை, வீட்டின் கட்டுமானச் செலவு. முதலாவது ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம், இரண்டாவது குறைந்தது 0.25 சதவீதம். இங்கே கணக்கில் வருவது கட்டட வேலைக்கான செலவு மட்டும். நிலத்தின் மதிப்பு சேராது. மும்பையில் வீட்டின் விலையில் பெரும்பங்கு நிலத்துக்கே போவதால், வாங்கிய விலையை வைத்துக் கணக்கிட்டால் தொகை பல மடங்காகிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 40 வீடுகள் உள்ள ஒரு சொசைட்டிக்கு ஆண்டுச் சேவைச் செலவு 14,40,000 ரூபாய் என்று கொள்ளலாம். வீட்டுக்கு ஆண்டுக்கு 36,000, மாதம் 3,000. லிஃப்ட் ஒப்பந்தமும் பழுதும் சேர்த்து ஆண்டுக்கு 1,92,000 என்றால் வீட்டுக்கு மாதம் 400. தண்ணீர் பில் மாதம் 20,000, கட்டடம் முழுவதும் ஒரே அளவில் 200 இணைப்புகள் என்றால் ஓர் இணைப்புக்கு 100 ரூபாய். நான்கு இணைப்பு உள்ள வீட்டுக்கு 400. கட்டுமானச் செலவு 18 லட்சம் என்றால் பராமரிப்பு நிதிக்கு ஆண்டுக்கு 13,500, அதாவது மாதம் 1,125. சிங்கிங் ஃபண்டுக்கு ஆண்டுக்கு 4,500, மாதம் 375. சொத்து வரி மாதம் 700 என்று வைத்தால் மொத்தம் 6,000 ரூபாய். பில்லில் இந்தத் தலைப்புகள் தனித்தனியாக இருக்க வேண்டும். '6,000 மெயின்டெனன்ஸ்' என்று ஒரே வரியில் வரும் பில்லை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது.

சிங்கிங் ஃபண்டைச் சம்பளத்துக்கோ பெயின்ட் அடிப்பதற்கோ எடுக்கக் கூடாது. கட்டடத்தை மீண்டும் கட்டுவதற்கும், கட்டடப் பொறியாளர் சான்றளித்த பெரிய கட்டமைப்பு வேலைகளுக்கும் மட்டுமே, அதுவும் பொதுக்குழு ஒப்புதலோடு அதைத் தொடலாம். ஆண்டுக் கணக்கறிக்கையில் இந்த நிதி தனி முதலீடாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே சொசைட்டி எப்படி நடத்தப்படுகிறது என்பது ஓரளவு புரிந்துவிடும்.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களிடம் குடியிராமைக் கட்டணம் வாங்கப்படுகிறது. ஒரு காலத்தில் இது சொசைட்டிகளின் பொன்முட்டையாக இருந்தது. வாடகையில் பங்கு கேட்ட சொசைட்டிகளும் உண்டு. 2001 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாநில அரசு போட்ட உத்தரவு இதைச் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டிப்போட்டது. மான்ட் பிளாங்க் சொசைட்டி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்றது. மேலே சொன்ன கணக்கில் சேவைக் கட்டணம் 3,000. எனவே குடியிராமைக் கட்டணம் மாதம் 300. மொத்த பில்லான 6,000இல் 10 சதவீதம் எடுத்து 600 போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய குடும்பத்தார் குடியிருந்தால் இந்தக் கட்டணமே கிடையாது.

வீடு கைமாறும்போது கேட்கப்படும் பணத்துக்கும் வரம்பு உண்டு. மாற்றல் கட்டணம் 500 ரூபாய், நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், மாநகராட்சிப் பகுதியில் மாற்றல் பிரீமியம் அதிகபட்சம் 25,000 ரூபாய். அதற்கு மேல் 'கட்டட வளர்ச்சி நிதி', 'நன்கொடை' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விதியில் இடமில்லை. மனமுவந்து தருவதுதான் நன்கொடை. சான்றிதழில் பெயர் மாற்றுவதற்கு நிபந்தனையாக வந்தால் அது நன்கொடை ஆகாது.

பில்லை உரிய தேதிக்குள் கட்டாவிட்டால் வட்டி. 2014 மாதிரி விதிகளின்படி ஆண்டுக்கு 21 சதவீதம் வரை பொதுக்குழு நிர்ணயிக்கலாம். 21 என்பது உச்சவரம்பு. குறைவாக நிர்ணயிக்கத் தடையில்லை. அது தனிவட்டி. 18,000 ரூபாய்க்கான மூன்று மாத பில்லை ஓராண்டு கட்டாமல் விட்டால் வட்டி 3,780. ஆனால் கணக்கு எழுதுபவரோ கணினி நிரலோ ஒவ்வொரு காலாண்டும் பாக்கியோடு வட்டியைச் சேர்த்து அதன்மேல் மறுபடி வட்டி போட்டால் அது 4,088 ஆகிவிடும். 308 ரூபாய் சிறிய தொகைதான். பாக்கி பெரிதாகவும் பழையதாகவும் இருந்தால் வித்தியாசம் ஆயிரங்களில் வரும். பில்லில் அசல் பாக்கியும் வட்டிப் பாக்கியும் தனித்தனிக் கட்டத்தில் இருந்தால் இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது எளிது.

சுவரை இடிக்கும் முன்

வீட்டுக்குள் எந்த மாற்றமோ கூடுதல் கட்டுமானமோ செய்வதற்குக் கமிட்டியின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். செயலாளர் மாடிப்படியில் பார்த்து "செய்துகொள்ளுங்கள் சார்" என்று சொன்னது அனுமதி ஆகாது. அடுத்த ஆண்டு கமிட்டி மாறினால் அந்த வார்த்தையும் போய்விடும். விண்ணப்பத்தில் என்ன வேலை, எங்கே, எத்தனை நாள், எந்த ஒப்பந்ததாரர் என்பதும், வரைபடமும் இருக்க வேண்டும். சுவரைத் தொடும் வேலை என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் கடிதமும், தேவையான இடத்தில் மாநகராட்சி அனுமதியும் சேரும். வேலை நேரம், இடிபாடுகளை அகற்றும் பொறுப்பு, திருப்பித்தரும் வைப்புத்தொகை ஆகியவற்றைப் பல சொசைட்டிகள் பொதுக்குழுத் தீர்மானமாக வைத்திருக்கின்றன.

பெயின்ட், அலமாரி, மின்விசிறி போன்றவற்றில் யாரும் தலையிடுவதில்லை. மூன்று வேலைகள்தான் உண்மையில் ஆபத்தானவை. முதலாவது, சுவரை எடுப்பது. கான்கிரீட் தூண், உத்திரம் வைத்துக் கட்டிய கட்டடத்தில் இடைச்சுவர் பாரம் தாங்காது. ஆனால் மும்பையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் சுவரே பாரம் தாங்குகிறது. அங்கே ஒன்பது அங்குலச் சுவரை எடுத்தால் மேல்தளம் தொய்ந்துவிடும். எது எப்படி என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது; கட்டட வரைபடம் வேண்டும். இரண்டாவது, மின்குழாய் பதிக்கத் தூணிலோ உத்திரத்திலோ காடி வெட்டுவது. கம்பிக்கு மேலிருக்கும் கான்கிரீட் உறை போனால், கடற்காற்று வீசும் ஊரில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சில ஆண்டுகளில் அதுவே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பதும் அதிகச் சண்டை மூட்டுவதும்: குளியலறைத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் மாற்றுவது.

குளியலறைத் தரைக்கடியில் நீர்க்காப்பு அடுக்கு ஒன்று இருக்கிறது. பழைய டைல்ஸை உளி வைத்துப் பெயர்க்கும்போது அது கிழிந்துபோகிறது. புது டைல்ஸ் பளபளவென்று அமைந்து ஆறு மாதம் கழித்து, கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் திட்டு தெரியத் தொடங்கும். அப்போது எழும் கேள்வி, செலவு யாருடையது என்பது. துணைவிதி இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. மொட்டைமாடிக் கசிவு, வெளிச்சுவர் வழியே வரும் மழைநீர், கட்டடத்தின் பொதுக் குடிநீர்க் குழாய், பொதுக் கழிவுக்குழாய் ஆகியவற்றின் கசிவைச் சொசைட்டி தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மேல்தளத்து வீட்டின் கூரைப்பூச்சு மாடிக் கசிவால் கெட்டிருந்தால் அதுவும் சொசைட்டி பொறுப்பே. வீட்டுக்குள்ளிருக்கும் கழிவறை, தொட்டி, சமையலறைச் சிங்க் ஆகியவற்றிலிருந்து கசிந்தால் அந்த வீட்டு உறுப்பினர் செலவு செய்ய வேண்டும்.

ஆகவே கசிவு எங்கிருந்து வருகிறது என்பதே பணத்தைத் தீர்மானிக்கிறது. அதைக் கண்டறிய அனுபவமுள்ள பிளம்பர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் ஈரமாகி, கோடையில் காய்ந்துபோகும் திட்டு என்றால் வெளிச்சுவரையோ மாடியையோ சந்தேகிக்க வேண்டும். ஆண்டு முழுவதும், மேல்வீட்டார் ஊருக்குப் போன நாள்களிலும் நிற்காமல் சொட்டினால், எப்போதும் அழுத்தத்தில் நீர் நிற்கும் குடிநீர்க் குழாயே காரணமாக இருக்க வாய்ப்பு. மேல்வீட்டில் குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடி, பிறகு குறைந்தால் கழிவுநீர்ப் பாதையோ தரையோ காரணம். அடுத்த கட்டம், மேல்வீட்டுக் குளியலறையின் நானி ட்ராப்பை அடைத்து, தரையில் சாயம் கலந்த தண்ணீரை ஓரிரு அங்குலம் தேக்கி ஒரு நாள் விடுவது. கீழே சாயம் தெரிந்தால் தரையின் நீர்க்காப்பு போயிற்று. தெரியவில்லை என்றால் அடைப்பை எடுத்துவிட்டு, அதே சாய நீரை ட்ராப் வழியே விட வேண்டும். இப்போது தெரிந்தால் ட்ராப்பின் இணைப்பில் கசிவு. மேல்வீட்டுக்காரர் கதவைத் திறக்க மறுத்தாலும் வழியுண்டு. உரிய முன்னறிவிப்பு கொடுத்து வீட்டைப் பார்வையிடச் செயலாளருக்குத் துணைவிதி அதிகாரம் தருகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு வீட்டார் கத்திக்கொள்வதுதான் வழக்கம். அதில் கண்டறியப்படுவது எதுவுமில்லை.

கட்டடத்துக்கு வயதாகும்போது இந்த மாற்றங்கள் எல்லாம் ஓரிடத்தில் வந்து சேரும். 15 முதல் 30 ஆண்டு வயதான கட்டடத்துக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டமைப்புத் தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது மாதிரி விதி. தணிக்கைப் பொறியாளர் வீடு வீடாகப் பார்ப்பார். அனுமதியில்லாமல் எடுத்த சுவர் அப்போது அறிக்கையில் ஏறும். பழைய வீட்டை வாங்குகிறவர் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால், அது இப்போது வீட்டை வைத்திருப்பவர் பெயருக்குத்தான் வரும்.

கார் நிறுத்தும் இடம்

மும்பையில் வீட்டுக்கு அடுத்தபடியாக அதிக வழக்குகளைக் காண்பது இந்த எட்டடி அகல இடம். அடிப்படையான சட்டநிலை 2010இல் தீர்ந்தது. நஹல்சந்த் லாலூசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி சொசைட்டிக்கும் நடந்த வழக்கில், திறந்தவெளி நிறுத்துமிடத்தையும் தூண்களுக்கு நடுவே இருக்கும் தரைத்தள 'ஸ்டில்ட்' இடத்தையும் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவை பொதுப் பகுதி. சொசைட்டியின் பொறுப்பில் வருபவை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியாகவே வரையறுக்கிறது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் கொண்ட காரேஜை மட்டும் அது வேறாக வைக்கிறது. கட்டுநரிடம் 'பார்க்கிங்குக்குத் தனியாக' பணம் கொடுத்தவர்கள், கையில் இருப்பது எந்த வகை என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

விற்கப்படாமல் சொசைட்டியிடம் இருக்கும் இடங்களை, முதலில் கேட்டவருக்கு முதலில் என்ற முறையில் ஒதுக்கச் சொல்கிறது துணைவிதி. வாகனம் வைத்திருக்கும் உறுப்பினரே விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக ஒரு வீட்டுக்கு ஓரிடம். எல்லோருக்கும் கொடுத்தபின் மிச்சம் இருந்தால் மட்டும் இரண்டாவது இடம், அதுவும் ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வகையில். கார்கள் இடத்தைவிட அதிகமானால் ஆண்டுதோறும் குலுக்கல். அதே 40 வீட்டுச் சொசைட்டியில் இடங்கள் 25, கார் வைத்திருக்கும் வீடுகள் 32 என்றால், ஒவ்வோர் ஆண்டும் ஏழு பேர் தெருவில் நிறுத்த வேண்டியிருக்கும். யார் அந்த ஏழு பேர் என்பது குலுக்கலில் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ஒருவர் இரண்டு இடம் வைத்திருப்பது விதிமீறல். அவர் இருபது ஆண்டாக அங்கே நிறுத்துகிறார் என்பது விதியை மாற்றாது.

ஒதுக்கப்பட்ட இடம் உறுப்பினரின் சொத்து அல்ல. அதை விற்கவோ, அடுத்த வீட்டாருக்குக் கைமாற்றவோ முடியாது. வீட்டை விற்பவர் 'பார்க்கிங்கோடு' என்று விளம்பரம் செய்தாலும், ஒதுக்கீடாக வந்த இடம் வாங்குபவருக்குத் தானாகச் சேராது. புதிதாக வருபவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். விற்பவரின் வாக்குறுதியை நம்பாமல், வீடு வாங்கும் முன்பே சொசைட்டியின் வாகன நிறுத்தப் பதிவேட்டைப் பார்த்துவிட வேண்டும். கட்டணத்தைப் பொதுக்குழு நிர்ணயிக்கும். இருசக்கர வாகனத்துக்குத் தனி விகிதம்.

அபராதமும் அதன் எல்லையும்

படிக்கட்டில் செருப்பு அலமாரி, மாடத்தில் தண்ணீர் வழியும் பூந்தொட்டி, அனுமதி இல்லாத கிரில், பிறர் இடத்தில் நிறுத்திய கார். விதிமீறல் எதுவானாலும் அபராதம் விதிக்க ஒரு வழிமுறை இருக்கிறது. புகாரின் பேரிலோ தானாகவோ கமிட்டி காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உறுப்பினர் பதில் சொல்லலாம். பிறகு விஷயம் பொதுக்குழுவுக்குப் போகும். அங்கே நேரில் பேசவும் அவருக்கு வாய்ப்பு தர வேண்டும். அதன் பிறகே அபராதம். தொகை, ஒரு மீறலுக்கு ஒரு நிதியாண்டில் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. காவலாளி துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும் 'ஃபைன் 500', அடுத்த மாத பில்லில் ஒரு வரியாகத் திடீரென்று முளைக்கும் தொகை, இவை இந்த வழிமுறையைக் கடந்து வந்தவை அல்ல.

தண்ணீர் இணைப்பைத் துண்டிப்பது, லிஃப்ட் அட்டையை முடக்குவது, வீட்டு வேலைக்கு வருபவரை வாசலில் நிறுத்துவது ஆகியவற்றுக்கும் துணைவிதியில் இடமில்லை. பாக்கி வைத்தவர் எவ்வளவு பெரிய பாக்கிக்காரராக இருந்தாலும் நிலை இதுதான். அதற்குக் காரணமும் உண்டு. சொசைட்டிக்குச் சட்டம் இதைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. சட்டத்தின் 154பி-29 பிரிவின் கீழ் துணைப் பதிவாளரிடம் விண்ணப்பித்து வசூல் சான்றிதழ் பெறலாம். அது கிடைத்தால் பாக்கி நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கப்படும்; வசூல் அலுவலர் வீட்டையே ஜப்தி செய்து ஏலம் விட முடியும். முன்பு இதே வேலையை 101ஆம் பிரிவு செய்தது. மூத்த உறுப்பினர்கள் இன்றும் '101 போட்டாச்சு' என்றுதான் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவர் தவணை தவறியவர் ஆகிவிடுகிறார். கமிட்டித் தேர்தலில் நிற்க முடியாது.

கடைசிப் படி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கம். தொடர்ந்து பாக்கி வைப்பது, சொசைட்டியை வேண்டுமென்றே ஏமாற்றுவது, வீட்டைத் தகாத செயலுக்குப் பயன்படுத்துவது போன்ற காரணங்களுக்குப் பொதுக்குழுவில் வந்திருந்து வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும்; பதிவாளரும் அதை ஏற்க வேண்டும். நடைமுறையில் இது மிகவும் அரிது. கூட்டத்தில் கோபத்தோடு எழும் 'வெளியேற்றுவோம்' என்ற பேச்சு பெரும்பாலும் பேச்சோடு முடிந்துவிடும்.

கமிட்டி தவறு செய்வதாகத் தோன்றினால் எங்கே போவது என்பதையும் துணைவிதியே சொல்கிறது. முதலில் எழுத்துமூலமாகக் கமிட்டியிடம். அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துப் பேசி, பின் 15 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். பங்குச் சான்றிதழ் தராதது, பதிவேடுகளைக் காட்டாதது, அதிகப் பிரீமியம் கேட்பது போன்றவற்றுக்குத் துணைப் பதிவாளர். பழுதுச் செலவு, கசிவு, வாகன நிறுத்தம் போன்ற தகராறுகளுக்குக் கூட்டுறவு நீதிமன்றம். அனுமதியில்லாத கட்டுமானத்துக்கு மாநகராட்சி. தவறான கதவைத் தட்டினால் ஓராண்டு வீணாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பார்க்கிங் சண்டையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது, "கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற பதில்தான்.

மாதிரி விதிகளை அரசு அவ்வப்போது திருத்துகிறது. ஆனால் ஒரு சொசைட்டியைக் கட்டுப்படுத்துவது அது ஏற்றுப் பதிந்து வைத்திருக்கும் பிரதி. சில கட்டடங்கள் சொசைட்டியாகவே இருக்காது. 1970ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் கீழ் 'காண்டோமினியம்' ஆகப் பதிந்திருக்கும். அங்கே பொதுச் செலவு ஒவ்வொருவரின் பிரிக்கப்படாத பங்கு விகிதத்தில் பிரியும். மேலே சொன்ன சமப் பங்கீடு பொருந்தாது. வீடு வாங்க முன்பணம் கொடுக்கும் முன், கட்டடம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று கேளுங்கள். பதிவு முத்திரையுள்ள துணைவிதிப் பிரதி, கடைசி ஆண்டின் தணிக்கை செய்த கணக்கு, முந்தைய உரிமையாளருக்குப் பாக்கி இல்லை என்ற செயலாளரின் கடிதம் ஆகிய மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.